நார்மல் சமன்பாட்டில் நார்மல் பரவல் எங்கே?

கேள்வி: "லீனியர் ரெக்ரஷன் செய்ய ரெசிடுவல்கள் நார்மலாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் நார்மல் சமன்பாட்டை நானே காகிதத்தில் வருவித்துப் பார்த்தபோது அந்த நிபந்தனை எந்த வரியிலும் வரவில்லை. எங்கே தவறவிட்டேன்? அப்படியானால் ரெசிடுவல் படத்தில் எதைத்தான் பார்ப்பது?"

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த நிபந்தனை அங்கே இல்லவே இல்லை. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர். நார்மல் பரவலில் உள்ள 'நார்மல்' வேறு, நார்மல் சமன்பாட்டில் உள்ள 'நார்மல்' வேறு. பள்ளிக் கணக்கில் ஒரு வளைவரைக்குத் தொடுகோடும் செங்கோடும் வரைந்தோமே, அந்தச் செங்கோட்டைத்தான் ஆங்கில வழியில் படித்தவர்கள் நார்மல் என்பார்கள். இந்தச் சமன்பாட்டை அப்படிப் படித்தால் எல்லாம் சரியாக விழும். 'செங்குத்துச் சமன்பாடு' என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இதை 'இயல்நிலைச் சமன்பாடு' என்று தமிழாக்கினால் குழப்பம் இன்னும் கூடும்.

ஒரு உண்மையான தரவை எடுத்துக்கொள்வோம். R நிறுவியிருக்கும் எல்லாரிடமும் `cars` என்ற அட்டவணை இருக்கும். 1920களில் எடுத்த அளவுகள், மொத்தம் 50 வரிசை. ஒரு நிரலில் காரின் வேகம், மணிக்கு இத்தனை மைல் என்று. இன்னொன்றில் அது நிற்க எடுத்த தூரம், அடிகளில். வேகத்தை வைத்துத் தூரத்தைச் சொல்ல ஒரு நேர்கோடு வேண்டும்.

X என்பது 50 வரிசையும் இரண்டு நிரலும் கொண்ட மேட்ரிக்ஸ். முதல் நிரல் முழுக்க 1, இரண்டாவது நிரல் வேகம். y என்பது தூரங்களின் வெக்டர். கண்டுபிடிக்க வேண்டியது b, அதாவது வெட்டும் சாய்வும். ரெசிடுவல் e = y − Xb. இதன் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை விரித்தால்

```
S(b) = (y − Xb)'(y − Xb) = y'y − 2b'X'y + b'X'Xb
```

b-ஐப் பொறுத்து வகையிட்டு சுழியாக்கினால் −2X'y + 2X'Xb = 0, அதாவது X'Xb = X'y. நீங்கள் செய்ததும் இதுவாகத்தான் இருக்கும். இப்போது அதே சமன்பாட்டை X'(y − Xb) = 0 என்று மாற்றி எழுதிப் பாருங்கள். X'e = 0. ரெசிடுவல் வெக்டர் X-இன் ஒவ்வொரு நிரலுக்கும் செங்குத்தாக இருக்கிறது என்பதைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. 50 பரிமாண வெளியில் y ஒரு புள்ளி, X-இன் இரண்டு நிரல்கள் ஒரு தளம். புள்ளியிலிருந்து தளத்துக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்தாக இறக்கும் கோடுதானே, அதன் அடிதான் Xb.

இது மீச்சிறு மதிப்புதானா என்று இரண்டாம் வகைக்கெழு பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, பித்தாகரஸ் போதும். வேறு எந்த c-ஐ எடுத்தாலும் y − Xc = e + X(b − c). e தளத்துக்குச் செங்குத்து, X(b − c) தளத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஆகவே y − Xc-இன் நீளத்தின் வர்க்கம், e-இன் வர்க்கத்தோடு இன்னொரு எதிர்மறையாகாத எண்ணைக் கூட்டியது. b-ஐவிடச் சிறியது கிடைக்க வழியில்லை. இவ்வளவு தூரம் வந்தும் பிழைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வேகங்களின் கூட்டுத்தொகை 770, வேக வர்க்கங்களின் கூட்டுத்தொகை 13228, தூரங்களின் கூட்டுத்தொகை 2149, வேகமும் தூரமும் பெருக்கிக் கூட்டினால் 38482. இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன:

```
50·b0  +   770·b1 =  2149
770·b0 + 13228·b1 = 38482
```

டிடர்மினன்ட் 50 × 13228 − 770² = 68500. சாய்வு (50 × 38482 − 770 × 2149) / 68500 = 269370 / 68500 = 3.932. தூரத்தின் சராசரி 42.98, வேகத்தின் சராசரி 15.4, ஆகவே வெட்டு 42.98 − 3.932 × 15.4, சுமார் −17.58. கையால் போட்டதை R-இல் சரிபார்க்க:

```r
X <- cbind(1, cars$speed)
y <- cars$dist
solve(crossprod(X), crossprod(X, y))
```

இதற்கு வேண்டியிருந்த ஒரே நிபந்தனை, அந்த டிடர்மினன்ட் சுழியாகக் கூடாது என்பது. வேகத்தை மைலிலும் கிலோமீட்டரிலும் இரண்டு நிரலாகப் போட்டால் ஒன்று மற்றதன் மடங்கு, சுழியாகிவிடும். அப்போதும் தளம் இருக்கும், செங்குத்தும் இருக்கும். அந்த அடிப்புள்ளிக்கு எந்த b என்று மட்டும் ஒரே விடையாகச் சொல்ல முடியாது. (`lm` உள்ளுக்குள் X'X-ஐக் கட்டுவதே இல்லை, QR முறையில் போகிறது. நிரல்கள் ஏறக்குறைய ஒன்றைச் சார்ந்து ஒன்று இருக்கும்போது X'X கட்டினால் துல்லியமான இலக்கங்கள் வேகமாகக் கரைந்துபோகும். மேலே உள்ள சூத்திரம் புரிந்துகொள்ளத்தான், பெரிய தரவில் ஓட்ட அல்ல.)

சரி, அப்படியானால் வகுப்பில் சொன்ன நிபந்தனைகள் எல்லாம் எதற்கு? கோட்டைப் போடுவதற்கு அல்ல, போட்ட கோட்டைப் பற்றி நீங்கள் பேசுவதற்கு. உண்மையில் y = Xβ + ε என்று ஒரு உறவு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதை விடைச் சூத்திரத்தில் போடுங்கள்:

```
b = (X'X)⁻¹X'y = β + (X'X)⁻¹X'ε
```

எனக்குத் தெரிந்து இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்யத் தகுந்த ஒரே வரி இதுதான். நம் விடை, உண்மையோடு பிழையின் ஏதோ ஒரு கலவை சேர்ந்தது. ஒவ்வொரு நிபந்தனையும் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. எந்த வேகத்திலும் ε-இன் சராசரி சுழி என்றால், அதாவது உண்மையான உறவு நேர்கோடே என்றால், இரண்டாவது உறுப்பு சராசரியில் மறைந்துவிடும், b-இன் சராசரி β. அடுத்து, எல்லாப் பிழைகளுக்கும் ஒரே வேரியன்ஸ் σ², ஒன்றோடொன்று தொடர்பில்லை என்றால் b-இன் வேரியன்ஸ் σ²(X'X)⁻¹ என்று சுருங்கும். R காட்டும் ஸ்டாண்டர்ட் எரர் இதிலிருந்து வருவது. நம் தரவில் ரெசிடுவல்களின் ஸ்டாண்டர்ட் எரர் 15.38, வேகத்தின் சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 1370, ஆகவே சாய்வின் ஸ்டாண்டர்ட் எரர் 15.38 / √1370 = 0.4155. நார்மல் பரவல் கடைசியில்தான் தலைகாட்டுகிறது: 3.932 / 0.4155 = 9.46 என்ற t மதிப்பை t அட்டவணையோடு ஒப்பிடும்போது, அந்த ஒப்பீடு சிறிய மாதிரியிலும் அச்சாகச் சரியாக இருப்பதற்கு.

இந்த வரிசையைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. மீச்சிறு வர்க்க முறையை முதலில் அச்சிட்டவர் லெஜாந்தர், 1805இல். அவர் பிழையின் பரவலைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1809இல் கவுஸ் அந்த முறையை நாம் இன்று நார்மல் என்று அழைக்கும் வளைவரையோடு இணைத்தார். பிறகு 1821–1823இல் அவரே அந்த வளைவரையைக் கழற்றி வைத்துவிட்டு, சம வேரியன்ஸும் தொடர்பின்மையும் இருந்தாலே நேரியல், சராசரியில் β-ஐயே தரும் மதிப்பீடுகளுள் இதுதான் மிகக் குறைந்த வேரியன்ஸ் கொண்டது என்று காட்டினார். இன்று கவுஸ்–மார்க்கோவ் தேற்றம் என்கிறோம். உங்கள் வகுப்பில் சொன்ன நிபந்தனையைக் கவுஸே தேவையில்லை என்று தள்ளி இருநூறு வருடம் ஆகிவிட்டது.

இனி ரெசிடுவல் படம். இதைப் பார்க்கத் தெரிந்துகொள்ள X'e = 0 என்பதையே திரும்பவும் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் நிரல் முழுக்க 1 என்பதால் ரெசிடுவல்களின் கூட்டுத்தொகை சுழி. இரண்டாவது நிரலால் ரெசிடுவலுக்கும் வேகத்துக்கும் உள்ள நேரியல் ஒட்டுறவு சுழி. இந்த இரண்டும் இயற்கணிதம் கட்டாயமாகத் தருபவை. கோடு எவ்வளவு தப்பாக இருந்தாலும் தரும். "ரெசிடுவல்களின் சராசரி சுழி வந்தது, அதனால் மாடல் சரி" என்று எழுதிய புராஜெக்ட் அறிக்கைகளை நான் ஏராளமாகத் திருத்தியிருக்கிறேன். அது சுழி வராமல் இருந்தால்தான் செய்தி, கணினியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

இதே காரணத்தால் ரெசிடுவலை y-க்கு எதிராக வரையாதீர்கள். y-க்குள்ளேயே e இருக்கிறது, இரண்டுக்கும் ஒட்டுறவு √(1 − R²). நம் தரவில் R² 0.651, ஆகவே 0.59. எந்தக் குறையும் இல்லாத மாடலாக இருந்தாலும் மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு மேகம் தெரியும், நீங்கள் பயந்துபோவீர்கள். கணித்த மதிப்புக்கு எதிராக வரையுங்கள். Xb-யும் e-யும் ஒன்றுக்கொன்று செங்குத்து, அதனால் அங்கே சாய்வு என்பதே வராது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இயற்கணிதம் கட்டாயப்படுத்தாத விஷயங்களாக மட்டும் இருக்கும்.

```r
m <- lm(dist ~ speed, data = cars)
plot(fitted(m), resid(m)); abline(h = 0)
```

இந்தப் படத்தில் இரண்டு விஷயங்கள் தெரியும். முதலாவது விசிறி. வேகம் 10 மைலும் அதற்குக் கீழும் உள்ள 9 கார்களின் ரெசிடுவல் −8க்கும் +12க்கும் இடையில் அடங்கிவிடுகிறது. 20 மைலும் அதற்கு மேலும் உள்ள 12 கார்களில் அது −29 முதல் +43 வரை ஓடுகிறது. 43 என்பது 24 மைலில் 120 அடி எடுத்த கார். கோடு அதற்குச் சொன்னது 76.8 அடி. மெதுவாகப் போகும் கார் எப்படியும் சில அடிகளில் நின்றுவிடும். வேகமாகப் போகும்போது பிரேக்கும் டயரும் ஓட்டுநரும் ஒவ்வொரு விதம், வித்தியாசம் பெரிதாகிறது. சம வேரியன்ஸ் என்ற நிபந்தனை இங்கே பொய் என்று தைரியமாகச் சொல்லலாம்.

பொய்யானால் எது கெடும்? b கெடாது. சராசரியில் அது இன்னும் β-ஐத்தான் குறிவைக்கிறது. σ²(X'X)⁻¹ என்ற சூத்திரம் கெடுகிறது, 0.4155 என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது. t மதிப்பு 9.46 என்று இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, வேகம் கூடினால் தூரம் கூடும் என்ற முடிவு இதனால் மாறப்போவதில்லை. உண்மையான அடி வாங்குவது கணிப்பு இடைவெளி. 5 மைல் வேகத்துக்கு 95% கணிப்பு இடைவெளி கேட்டால் சுமார் −30 அடி முதல் +34 அடி வரை வருகிறது. மைனஸ் 30 அடியில் எந்தக் காரும் நிற்காது. மெதுவான கார்களுக்கு இடைவெளி தேவைக்கு மேல் அகலம், வேகமான கார்களுக்குப் போதாது. 120 அடிக் கார் தன் வேகத்துக்கான இடைவெளிக்கு வெளியேதான் இருக்கிறது.

இரண்டாவது விஷயம் வளைவு. இதில் எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது, ஏன் என்று சொல்கிறேன். 10 மைல் வரை உள்ள ரெசிடுவல்களின் சராசரி சுமார் +3, 11 முதல் 13 மைல் வரை −3, 24, 25 மைல்களில் +14. இரண்டு முனையிலும் மேலே, நடுவில் கீழே. கிண்ணம் மாதிரி. ஆனால் கடைசிக் குழுவில் ஐந்தே கார்கள், அதிலும் அந்த 120 அடிக் காரின் ஆதிக்கம். வேகத்தின் வர்க்கத்தை மாடலில் சேர்த்துப் பார்த்தால் அந்த உறுப்பின் p மதிப்பு சுமார் 0.14. இந்தத் தரவை மட்டும் வைத்து வளைவு இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் இயற்பியல் சத்தியம் செய்யும். ஓட்டுநர் சுதாரிக்கும் வரை கார் ஓடும் தூரம் வேகத்துக்கு நேர்விகிதம், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், வேகம் சுழி என்றால் தூரமும் சுழி. −17.58 அடி என்ற வெட்டே ஏதோ சரியில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டது. வெட்டை நீக்கி வேகம், வேக வர்க்கம் இரண்டை மட்டும் போட்டால் கெழுக்கள் 1.239, 0.0901. மணிக்கு ஒரு மைல் என்பது நொடிக்கு 1.467 அடி, ஆகவே முதல் கெழுவை நேரமாக மாற்றினால் சுமார் 0.84 நொடி. மனிதன் சுதாரிக்க எடுக்கும் நேரத்துக்கு நம்பக்கூடிய அளவு. இரண்டாவது கெழுவிலிருந்து வரும் வேக இறக்கம் நொடிக்கு நொடி சுமார் 12 அடி, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய 37%. அந்தக் காலத்துப் பிரேக்குக்கு இதுவும் பொருந்துகிறது. என்றாலும் 0.84 நொடியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அதன் ஸ்டாண்டர்ட் எரர் 0.38 நொடி, அதையும் விசிறி இருக்கும்போது முழுதாக நம்ப முடியாது. (இந்த மாடலுக்கு R காட்டும் R² 0.91. பார்த்து மயங்க வேண்டாம். வெட்டு இல்லாத மாடலில் R² சராசரியிலிருந்து அளக்கப்படுவதில்லை, சுழியிலிருந்து அளக்கப்படுகிறது. பழைய 0.651உடன் ஒப்பிடக் கூடாது.)

வளைவும் விசிறியும் ஒரே அளவு கவலைக்குரியவை அல்ல. வளைவு என்றால் b = β + … என்ற வரியின் இரண்டாம் உறுப்பு சராசரியில் மறைவதில்லை. நீங்கள் மதிப்பிடுவது என்ன என்பதே கேள்விக்குறி. விசிறி என்றால் மதிப்பீடு சரி, அதன் துல்லியத்தைப் பற்றிய பேச்சுதான் தப்பு. அதனால் முதலில் வளைவைச் சரிசெய்யுங்கள், அப்புறம் விசிறி. சில சமயம் ஒரே வைத்தியம் இரண்டுக்கும் கேட்கும். தூரத்தின் வர்க்கமூலத்தை வைத்துக் கோடு போட்டால் விசிறி நன்றாகவே அடங்குகிறது, சமன்பாடு √தூரம் = 1.277 + 0.3224 × வேகம். விலை என்னவென்றால், திரும்ப வர்க்கப்படுத்தினால் கிடைப்பது சராசரித் தூரம் அல்ல, ஏறக்குறைய நடுமதிப்பு. சராசரிதான் வேண்டும் என்பவர்கள் எடையிட்ட மீச்சிறு வர்க்க முறைக்கோ, விசிறியைத் தாங்கும் ஸ்டாண்டர்ட் எரருக்கோ போக வேண்டும்.

நீங்கள் முதலில் கேட்ட நார்மல் பரவல் இந்த வரிசையில் கடைசி. ரெசிடுவல்களின் மேல்முனை 43, கீழ்முனை −29, வலது வால் நீளம். ஷாப்பிரோ–வில்க் சோதனையின் p மதிப்பு சுமார் 0.02. ஆனால் விசிறி இருக்கும் தரவில், ஒவ்வொரு பிழையும் தனித்தனியே நார்மலாக இருந்தாலும், வெவ்வேறு அகலமுள்ளவற்றைக் கலந்து பார்க்கும்போது வால் நீண்டுதான் தெரியும். எனவே முந்தைய இரண்டையும் சரிசெய்யாமல் அந்தச் சோதனையை ஓட்டுவதில் பொருளில்லை. 50 வரிசை இருந்தால் சாய்வின் t சோதனைக்கு இந்த அளவு கோணல் பெரிய ஆபத்தும் இல்லை. தனித்தனிக் காருக்கான கணிப்பு இடைவெளிக்கு மட்டும் பரவலின் வடிவம் நேரடியாகப் பொருட்டு. வரிசை எத்தனை கூடினாலும் அந்தத் தேவை போகாது.

இந்தப் படம் காட்டாத நிபந்தனை ஒன்று உண்டு, பிழைகளுக்குள் தொடர்பின்மை. ஒரு ஆலையின் தினசரி மின்செலவை உற்பத்தி அளவோடு பொருத்தியபோது, கணித்த மதிப்புக்கு எதிரான படம் எனக்குத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதே ரெசிடுவல்களைத் தேதி வரிசையில் போட்டதும் ஆறு வாரம் முழுக்கக் கோட்டுக்கு மேலே, அதன் பிறகு கீழே. நடுவில் மீட்டர் மாற்றியிருந்தார்கள். நேரத்தோடு வரும் தரவு என்றால் அந்தப் படத்தையும் கட்டாயம் வரையுங்கள். `cars` வேகப்படி அடுக்கப்பட்ட அட்டவணை, அதில் வரிசை எண்ணுக்கு எதிராக வரைந்து அளவெடுத்த காலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கடைசியாக, 50 புள்ளிகளில் மனிதக் கண் இல்லாத உருவத்தையெல்லாம் பார்க்கும். எனக்கே சந்தேகம் வரும்போது செய்வது இது. மாடல் முழுக்கச் சரி என்று வைத்து 19 பொய்த் தரவுகளை உருவாக்கி, உண்மைப் படத்தை அவற்றுக்கு நடுவே ஒளித்து, மாடலைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் "எது வித்தியாசமாக இருக்கிறது" என்று கேட்பேன்.

```r
par(mfrow = c(4, 5), mar = c(1, 1, 2, 1))
k <- sample(20, 1)
for (i in 1:20) {
  yy <- if (i == k) cars$dist else simulate(m)[[1]]
  mm <- lm(yy ~ cars$speed)
  plot(fitted(mm), resid(mm), main = i)
}
```

அவர் சரியாகச் சுட்டினால், தற்செயலாக அப்படி நடக்க 20இல் ஒரு வாய்ப்புதான். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்றும் கேளுங்கள். வலப்பக்கம் விரிகிறது என்பாரா, நடுவில் தொங்குகிறது என்பாரா என்பதில்தான் உங்களுக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. `k`-இன் மதிப்பை மட்டும் அவர் சொல்லி முடிக்கும் வரை நீங்களும் பார்க்காதீர்கள்.